ஹெட்போன் தாளில் நான் படிக்காத இரண்டாவது வரி

பிள்ளைகளே, பள்ளியில் "உங்க அப்பா என்ன வேலை செய்றாரு?" என்று ஆசிரியர் கேட்டபோது, "எங்கப்பாவுக்கு போன் பத்தி எல்லாம் தெரியும்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். அந்தத் தாளை அம்மா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்க்காமல் கதவைத் திறக்கப் பழகிக்கொண்டேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவன். ஆங்கிலத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். நம் ஊர் மாசாயில் இந்தப் போன் கடையைத் திறந்தபோது எனக்குத் தெரிந்தது உடைந்த திரையை மாற்றுவதும், செத்த பேட்டரியை எடுத்துவிட்டுப் புதுசைப் போடுவதும்தான். மற்றதெல்லாம் பெட்டிகளின் மேலே போட்டிருப்பதைப் படித்துக் கற்றது. பக்கத்து ஊரான பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிஃப்டு முடிந்ததும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து நிற்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, "அண்ணே, எது பெஸ்ட்?" என்பார்கள். நானும் பெஸ்ட் எது என்று சொல்வேன். சொல்லிச் சொல்லி, எனக்கே நான் தெரிந்தவன் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும்.

போனில் இருக்கும் பாட்டு அப்படியே காற்றில் பறந்து ஹெட்போனுக்குப் போகாது. புளூடூத் என்பது ஒடுக்கமான பாதை. போன் அந்தப் பாட்டை மடித்துச் சுருக்கி அனுப்பும், ஹெட்போன் அதை வாங்கி விரித்துப் பாடும். மடிப்பதற்கும் விரிப்பதற்கும் ஒரு முறை வேண்டும் அல்லவா? அதைத்தான் கோடெக் என்கிறார்கள். முறைகள் பல உண்டு. எஸ்பிசி, ஏஏசி, ஆப்டெக்ஸ், எல்டாக். போன் மடித்த முறையிலேயே ஹெட்போன் விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் கேட்காது.

அதனால் இரண்டும் சேரும்போது முதலில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரச் சந்தைக்குப் போகிறோமே, மீன் விற்கும் சீன அங்கிள் அம்மாவிடம் எந்த மொழியில் பேசுகிறார்? அவருக்கு ஹொக்கியன் தெரியும், மலாய் தெரியும். அம்மாவுக்குத் தமிழ் தெரியும், மலாய் தெரியும், கொஞ்சம் ஆங்கிலமும் வரும். இரண்டு பேருக்கும் பொதுவானது மலாய். அதிலேயே வியாபாரம் முடிந்துவிடும். போனும் ஹெட்போனும் அப்படித்தான். போன் கேட்கும்: உனக்கு எதெல்லாம் தெரியும்? ஹெட்போன் தன் பட்டியலைக் கொடுக்கும். போன் அதைத் தன் பட்டியலோடு வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் தெரிந்ததில் தனக்குப் பிடித்ததை எடுத்து, "சரி, இதில் அனுப்புகிறேன்" என்று சொல்லும். எஸ்பிசி நம் சந்தை மலாய் மாதிரி. பாட்டு அனுப்பும் எல்லாப் போனுக்கும், பாட்டு வாங்கும் எல்லா ஹெட்போனுக்கும் அது தெரிந்தே இருக்க வேண்டும் என்பது விதி. வேறு எதுவும் ஒத்துவராவிட்டால் அதில் போய் நிற்கும். எல்டாக் என்பது பெரிய படிப்பு படித்தவர்களின் பேச்சு. அதிகம் சுருக்காமல் நிறைய அனுப்பும். ஆனால் இரண்டு பக்கமும் தெரிந்திருந்தால்தான். ஐபோன்காரர் ஒருவர் எல்டாக் ஹெட்போன் வாங்கினால் ஏஏசியில்தான் கேட்பார், ஏனென்றால் ஐபோனுக்கு எல்டாக் தெரியாது.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். அதுதான் கேடு. பாதி தெரிந்தவனாக இருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் ஓர் அக்கா கடைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை, கம்பெனிச் சட்டையோடே வந்திருந்தார். அடுக்குமாடியில் குடியிருப்பவர். வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் பாடுவாரே, உங்களுக்கும் முகம் தெரியும். கையில் ஒயர் வைத்த பழைய இயர்போன்.

"தம்பி, இதுல ஒரு காது கேக்கல. இதே மாதிரி ஒயர் வச்சது வேற ஒண்ணு கொடுங்க."

"பாட்டு கேக்கவா அக்கா?"

"கேக்க இல்ல தம்பி. பாட." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஏதோ கூடாததைச் சொல்வதுபோல. "ஈப்போ பக்கம் ஒரு டீச்சர் இருக்காங்க. தேவாரம் முறையா சொல்லித் தர்றாங்க, போன்லயே. வருசத்துக்கு கொஞ்சப் பேரத்தான் எடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுப் பாடச் சொல்வாங்களாம். நல்லாருந்தா சேத்துக்குவாங்க. நான் காது வழியா கத்துக்கிட்டதுதான் எல்லாம். ஒரு தடவையாவது முறையா படிக்கணும்னு..."

அவர் முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை.

"அலமாக், அக்கா! டீச்சர்கிட்ட பாடிக் காட்டப் போறீங்க, இந்த ஒயர வச்சிட்டா? இதெல்லாம் முடிஞ்சு போச்சுலா."

அலமாரியிலிருந்து ஒரு ஹெட்போன் பெட்டியை எடுத்தேன். தங்க நிறத்தில் ஒட்டுச்சீட்டு, அதன் மேல் எல்டாக் என்று பெரிய எழுத்து. அக்காவின் ஆண்ட்ராய்டு போன் எல்டாக் தெரிந்த போன். சேர்த்துவிட்டேன். போனின் செட்டிங்ஸில் உள்ளே உள்ளே போய், எந்தக் கோடெக் ஓடுகிறது என்று காட்டும் இடத்தைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்க. எல்டாக். இதான் இப்ப உள்ளதுலயே மேல்."

அவருக்குப் பிடித்த ஒரு பழைய தேவாரப் பதிவைப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, காதில் ஹெட்போன் இருப்பதால் கொஞ்சம் சத்தமாகவே, "தம்பி, அவரு மூச்சு இழுக்கறது கேக்குதுய்யா" என்றார். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் குரலும் இப்படியே போகுமா?"

"இதே வழியிலதான் அக்கா போகும். மூச்சு முதக்கொண்டு டீச்சருக்குக் கேக்கும்."

பிள்ளைகளே, இந்த வாக்கியத்தை நான் மறக்கவே முடியாது. இதே வழியில்தான் போகும். யார் எனக்குச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. நான் சோதித்துப் பார்த்தேனா? ஓர் அழைப்பு போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். பாட்டு நன்றாகக் கேட்கிறது, அதனால் பேச்சும் நன்றாகப் போகும் என்று நானாக முடிவு கட்டி, தெரிந்தவன் குரலில் சொல்லிவிட்டேன். பழைய இயர்போனை நானே வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அதில் ஒரு காதுதான் செத்திருந்தது. மைக் நன்றாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா திரும்பி வந்தார். கூடவே அவர் வீட்டுக்காரர். லாரி ஓட்டுகிறவர், எதற்கும் கேலி பேசுகிற மனிதர். கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"தம்பி, டீச்சர் எடுத்துக்கல" என்றார் அக்கா. பெட்டியை மேசைமேல் வைத்தார். "குரல் ரொம்ப ஒடுங்கியிருக்குன்னாங்க. தகரத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. எழுத்தெல்லாம் மங்கிப் போச்சாம், மேல போகும்போது ஒண்ணுமே வரலியாம். இதுல ஏதும் கோளாறான்னு கொஞ்சம் பாருங்களேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் சொன்னது ஒவ்வொன்றும் ஓர் அடையாளம். ஒடுக்கம், தகரம், மங்கல். நோயாளி வந்து எங்கே வலி என்று சரியாகச் சொல்கிறார். நான் கேட்கவில்லை. ஹெட்போனை அவர் போனில் சேர்த்து மறுபடியும் பாட்டைத்தான் போட்டேன். அருமையாகப் பாடியது. அங்கே நின்றவர்களில் ஒருவரிடம் மாட்டிவிட்டேன்.

"எப்டி இருக்கு?"

"பவர்லா அண்ணே!"

"பாத்தீங்களா அக்கா? ஹெட்போன்ல ஒண்ணுமில்ல. லைன் பிரச்சனையா இருக்கும். இல்லன்னா..." என்று இழுத்தேன். இழுத்த இடத்தில் என்ன வைப்பது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் வீட்டுக்காரர் வைத்தார். "இல்லன்னா என்ன தம்பி, ஸ்பீக்கர் ஓகே, லைன் ஓகே. அப்ப குரல்தான் ஸ்பாய்லு! அதுக்கு வாரண்டி முடிஞ்சு போச்சு!"

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்காவும் கொஞ்சம் சிரித்தார். பெட்டியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். பை சின்னது, பெட்டி பாதி வெளியே தெரிந்தது. "சரி தம்பி, வர்றேன்" என்று போனார்.

இரண்டு வாரம் அதை நான் நினைக்கவே இல்லை. பிறகு ஒருநாள், அதே மாதிரி ஹெட்போனில் காட்சிக்கு வைத்திருந்த ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்டபடியே ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா போனில் கூப்பிட்டாள். பாட்டு நின்றது. எடுத்தேன்.

"ஏங்க, தகர டின்னுக்குள்ள தலைய விட்டுட்டுப் பேசறீங்களா?" என்றாள் அம்மா.

தகரம். என் கை நின்றுவிட்டது.

அம்மா பேசுவதும் எனக்கு அப்படித்தான் கேட்டது. சற்று முன்புவரை அந்தக் காதில் வயலின் இழைவது கேட்டது. அழைப்பு வந்ததும் எல்லாம் ஒடுங்கி, பழைய பொதுத் தொலைபேசிக் கூண்டில் பேசுவதுபோல ஆகிவிட்டது. இதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன், பிள்ளைகளே. ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. போன் பேச்சு என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மாவைக் கடைக்கு வரச் சொல்லி, கடைக்கு வெளியே நடைபாதைக் கோடியில் நிற்கவைத்தேன். உள்ளிருந்து ஹெட்போன் வழியாகப் பேசினேன், எனக்குத் தெரிந்த இரண்டு வரியைப் பாடவும் செய்தேன்.

"யாரோ மூக்கப் பிடிச்சிட்டுப் பாடற மாதிரி இருக்கு" என்றாள்.

அழைப்பை நிறுத்தாமலே புளூடூத்தை அணைத்துவிட்டுப் போனை வாய்க்கு நேரே பிடித்து அதே வரியைப் பாடினேன்.

"இப்ப நீங்க. நல்லாப் பாடறீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா நீங்கதான்."

பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் மடித்து வைத்திருந்த சின்னத் தாள் விழுந்தது. நான் விற்ற எல்லாப் பெட்டியிலும் அது இருந்தது. பொடி எழுத்து. முதல் வரியில் பாட்டுக்கு: எஸ்பிசி, ஏஏசி, எல்டாக். அடுத்த வரியில் அழைப்புக்கு: சிவிஎஸ்டி. அது மட்டும்தான். அந்த எழுத்துகளை இணையத்தில் போட்டுத் தேடி, ஆங்கிலத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். புரியாததை அம்மாவிடம் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

புரிந்தது இதுதான். எல்டாக்கும் ஏஏசியும் ஆப்டெக்ஸும் ஹெட்போனில் நாம் கேட்கும் பாட்டுக்கு உரியவை. அந்தப் பாதையில் ஒலி ஒரே பக்கமாக ஓடும், போனிலிருந்து காதுக்கு. ஹெட்போனின் மைக்கைத் திறந்து, நாம் பேசுவதும் போக வேண்டும், அவர்கள் பேசுவதும் வர வேண்டும் என்றால், புளூடூத் அந்தப் பாதையை நிறுத்திவிட்டு வேறொரு பாதையைத் திறக்கிறது. அங்கே வேறு பட்டியல், வேறு பேச்சுவார்த்தை. சிவிஎஸ்டி என்ற பழைய முறை எல்லாருக்கும் தெரியும். எம்எஸ்பிசி என்று அதைவிடத் தெளிவான ஒன்று உண்டு, ஆனால் இரண்டு பக்கமும் அதை அறிந்திருக்க வேண்டும். நான் விற்ற ஹெட்போனுக்குத் தெரியாது. அதனால் அக்காவின் போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பழையதிலேயே போய் நின்றது. பழைய முறை குரலின் மேல்பகுதியை வெட்டிவிடும். எழுத்தைக் கூர்மையாக்கும் அந்த மெல்லிய ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. அவை போனால் பாடுகிறவர் எவ்வளவு திருத்தமாக உச்சரித்தாலும் மங்கலாகத்தான் கேட்கும். இணையம் வழியாக அழைத்தாலும் இதேதான். போனுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள அந்தச் சின்னத் தூரத்திலேயே குரல் நறுக்கப்பட்டுவிடுகிறது.

அக்கா மேல் சுரத்தில் ஏறினார். நான் விற்ற பொருள் அதை நறுக்கிவிட்டு மிச்சத்தை அனுப்பியது. ஆசிரியை அந்த மிச்சத்தைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார்.

பெட்டியில் போட்டிருந்தது பொய் இல்லை, அது எல்டாக் ஹெட்போன்தான். பொய் சொன்னது நான்.

இதை எழுதும்போது பேனா இங்கே நின்று நின்று போகிறது. இதற்கு மேல் வருவது அறியாமை இல்லை. உண்மை தெரிந்த மறுநாளே நான் அந்த அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் வீடு கடையிலிருந்து ஐந்து நிமிடம். போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்றேன். நாளைக்கு, கடையில் கூட்டம் என்றேன். இனி சொல்லி என்ன ஆகப் போகிறது, தேர்வுதான் முடிந்துவிட்டதே என்றும் சொல்லிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவர் எதிரே வந்தார். நான் உங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு அப்பம் பாலிக் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். "ஏம்பா, இங்க வரிசையே இல்லியே?" என்று கேட்டீர்கள். வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

மூன்று வாரம் அப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்த அம்மா, சேலை மடிப்பைப் பிரித்தபடியே சொன்னாள்.

"அந்த அக்கா இப்பல்லாம் பாடறதே இல்லீங்க. ஓரமா உக்காந்து தாளம் மட்டும் போடறாங்க. பாடுங்கன்னு மைக்க நீட்டினா, என் குரல் போயிடுச்சும்மா, கேக்கறவங்களுக்கு எதுக்குத் தொல்லைன்னு தள்ளிவிட்டுட்டாங்க."

அம்மா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியுமே, நடைபாதையில் நின்று கேட்டவள் அவள்தானே.

"நீங்க இன்னும் அவங்ககிட்ட சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சொல்லிட்டீங்கன்னு நான் நெனச்சிட்டு, அவங்க பக்கத்துலயே உக்காந்து வாய மூடிட்டு இருந்துட்டேனே" என்றாள். அதற்கு மேல் அன்று அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் போனேன். மூன்றாவது மாடி. இரும்புக் கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஓ, கடைக்காரத் தம்பியா! வாங்க, வாங்க. என்ன, வீட்டுக்கே வந்து விக்கறீங்களா இப்ப?" என்றார். அக்கா சமையற்கட்டிலிருந்து வந்து முந்தானையில் கை துடைத்தார்.

நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார முடியவில்லை. பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை என்று சொன்னேன். "உங்க குரல்ல ஒரு குறையும் இல்லக்கா. நான் கொடுத்த சாமான் உங்க குரல வெட்டிடுச்சு. நான் சோதிச்சுப் பாக்காம சொல்லிட்டேன்" என்றேன். வீட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். கேலி ஒன்றும் வரவில்லை.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கிக் கடையில சிரிச்சீங்களே. அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. சத்தியமா."

"எப்பத் தெரிஞ்சிச்சு?"

பொய் சொல்ல ஓர் இடம் இருந்தது. நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரம்" என்றார் அக்கா. திட்டவில்லை. விரல் மடக்கி எண்ணுவதுபோல மெல்லச் சொன்னார். "மூணு வெள்ளிக்கிழமை. நான் வீட்ல குளிக்கும்போதுகூடப் பாடல தம்பி. அது தெரியுமா ஒங்களுக்கு?"

வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நானும்தான் சொன்னேன், வாரண்டி கீரண்டின்னு" என்றார். "சும்மா வெளையாட்டுக்கு."

"ஒங்க வெளையாட்ட நான் இருவத்திரெண்டு வருசமாப் பாக்கறேன்" என்றார் அக்கா அவரிடம். "அது எனக்குப் பழகிப்போச்சு. இவரு விசயம் தெரிஞ்சவரு. தெரிஞ்சவரே சிரிக்கிறாரேன்னுதான் நம்பிட்டேன்."

பிள்ளைகளே, யாராவது கையை ஓங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு அவர் உள்ளே போய்த் தன் போனை எடுத்துவந்து, ஒரு எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார். "டீச்சர். என்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு நெனப்பாங்க."

அந்தப் பக்கம் ஒரு வயதான பெண்மணியின் குரல், கண்டிப்பான குரல். நான் யார், என்ன விற்றேன், என்ன பொய் சொன்னேன் என்று முதலிலிருந்து சொன்னேன். நான் முடித்ததும், "அப்படின்னா நான் கேட்டது அவங்க குரலே இல்லையா?" என்றார்.

"பாதிதாங்க டீச்சர்."

"என்னை ஒரு தப்பான தீர்ப்பு சொல்ல வச்சிட்டீங்க" என்றார். "இந்த வருசத்துக்கு ஆள் எடுத்து முடிச்சாச்சு. அத மாத்த முடியாது. ஆனா நான் கேட்கணும். அந்தக் கருவி எதுவும் வேணாம். போன மேசை மேல வச்சிட்டு, ஒரு முழம் தள்ளி உக்காந்து பாடச் சொல்லுங்க."

மேசையைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, போனை நிமிர்த்தி வைத்தேன். மைக் துளை அக்கா பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஹெட்போன் தானாகச் சேர்ந்துவிடக் கூடாது என்று புளூடூத்தை அணைத்தேன். இதாவது எனக்குத் தெரியும். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார்.

"நீங்க வெளிய போங்க தம்பி. ஒங்க முன்னால வராது."

போனேன். வீட்டுக்காரரும் செருப்பில்லாமல் என்னோடு வெளியே வந்து கதவைச் சாத்தினார். நடைவழியில் யாரோ காயப்போட்ட கம்பெனிச் சட்டைகள் தொங்கின. கீழே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. கதவுக்குப் பின்னால் குரல் தொடங்கியது, உடைந்தது, நின்றது. வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் தொடங்கியது. இந்தத் தடவை நிற்கவில்லை. ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. கதவு நடுவில் இருந்தும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. மூச்சு இழுப்பதுகூட.

நான் தீர்ப்பைக் கேட்க நிற்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. படியிறங்கிக் கடைக்கு வந்துவிட்டேன்.

பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த வருடம் முதல் இடம் அவருக்குத்தான் என்று ஆசிரியை சொன்னாராம். அதுவரை மாதம் ஒருமுறை பாடிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமைகளில் அக்கா பாடுகிறார். போன வாரம் உங்களை அம்மா கூட்டிக்கொண்டு போனாளே, நீங்கள் கேட்டது அவர் குரல்தான். "அப்பா, நீயும் வாயேன்" என்று கூப்பிட்டீர்கள். கடை இருக்கிறது என்று சொன்னேன்.

அக்கா அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை. போன மாதம் அவர் போன் திரை உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். எதிர் வரிசையில் உள்ள கடையில் மாற்றிக்கொண்டார். மாசாயில் போன் கடைக்குப் பஞ்சமா? வழியில் பார்த்தால் தலையசைக்கிறார். நான் எங்கும் போய் ஒளிவதில்லை. நின்று தலையசைக்கிறேன். அவர் தாண்டிப் போன பிறகுதான் நடக்கிறேன்.

நேற்று ஒரு பையன், ஹெல்மெட்டும் தலையுமாக, "அண்ணே, கூப்பிட்டுப் பேச எது பெஸ்ட்?" என்றான். தெரியாது, சோதித்துப் பார்ப்போம் என்றேன். ஒரு ஹெட்போனை அவன் போனில் சேர்த்து, அதிலிருந்து என் போனுக்கு அழைக்கச் சொல்லி, அவனை நடைபாதைக் கோடிக்கு அனுப்பினேன். நேரம் பிடித்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "என்னண்ணே, கடைக்காரன் ஒனக்கே தெரியாதா?" என்று ஒருவர் கேட்டார்.

தெரியாது என்றேன்.